கேள்வி-பதில்: கணக்கிலிருந்து பணம் போனால் யார் தலையில் விழும்?

வியாழன் இரவு சிம் செத்துவிட்டது. வெள்ளி காலை புது சிம் போட்டால், கணக்கில் 62,000 ரூபாய் இல்லை. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. "சரியான ஓடிபி பதிவாகியிருக்கிறது, வங்கி பொறுப்பல்ல" என்கிறார் மேலாளர்.

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஓடிபி பதிவானது என்றால் யாரோ அந்த எண்ணைத் தட்டினார்கள், அவ்வளவுதான். தட்டியது நீங்களா, உங்கள் எண்ணில் வேறு சிம் வாங்கிய திருடனா என்று அது சொல்லாது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் நடுவில் எங்கோ ஓட்டை என்றால், நாள்கணக்குதான் முக்கியம். பணம் போன தகவல் வந்த நாளை விட்டுவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். ஏழு நாளுக்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைதான்.

முன்பின் தெரியாத தளத்தில் செருப்பு வாங்கி, கார்டு எண்ணையும் அங்கேயே சேமித்து வைத்தவன் நான். செருப்பு ஒரு மாதத்தில் பிய்ந்தது. அப்புறம் ஒரு வெள்ளி இரவு அதே கார்டில் 6,400 ரூபாய் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. திங்கள் காலை எழுதிக் கொடுத்தேன், முழுப் பணமும் திரும்பியது.

நீங்களும் எழுத்தில் கொடுங்கள். பழைய சிம் எத்தனை மணிக்கு நின்றது, புதியது எப்போது இயங்கியது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கடிதம் வாங்கி இணையுங்கள். புகார் கொடுத்து 10 வேலை நாளுக்குள் வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்க வேண்டும், 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். 30 நாளாகியும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

மேலாளரிடம் நேரில் வாய்மொழியாகச் சொன்னேன். போதாதா?

போதாது. இன்றைக்கே புகார் எண் வாங்குங்கள்.

கேஒய்சி என்று போன் வந்தது, ஓடிபி சொல்லிவிட்டேன். 8.10-க்கு 40,000 போனது. 8.35-க்கு வங்கிக்கு போன் செய்தேன். 8.50-க்கு இன்னும் 25,000 போய்விட்டது. முழுதும் கிடைக்குமா?

கிடைக்காது. "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கிறதே! ஓடிபியை நீங்களே சொன்னதால், புகாருக்கு முன் போன 40,000 உங்கள் நஷ்டம். ஆனால் 8.35-க்குப் பிறகு போன 25,000 வங்கியின் நஷ்டம், அதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அழைத்த நேரம் உங்கள் போனில் பதிவாகியிருக்கும், படம் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள். அந்த 40,000 இன்னும் திருடனின் கணக்கிலேயே கிடந்தால் முடக்க வாய்ப்புண்டு.