3டி பிரிண்டரில் அச்சிட்ட கியர் சத்தம் போடுகிறதா? கேள்வி பதில்

அண்ணா, ஒரு கியர் 12 பல், இன்னொன்று 36 பல், பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 1.5. ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் கணக்குப்படி 36 மி.மீ. வைத்தேன். கையால் சுற்றினாலே இறுகுகிறது. பெரிய கியரை 98 சதவீதமாகச் சுருக்கி அச்சிடலாமா?

வேண்டாம், தம்பி. சுருக்கினால் பல்லுக்குப் பல் உள்ள தூரமும் சுருங்கிவிடும். ஒரு கியர் மாட்யூல் 1.5, இன்னொன்று 1.47 என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு பல்லும் முந்தியோ பிந்தியோ போய் மோதும். இறுக்கம் போன இடத்தில் கடகட சத்தம் வரும்.

உங்கள் கணக்கில் பல்லின் தடிமன் 2.36 மி.மீ., அது போய் உட்காரும் பள்ளமும் 2.36 மி.மீ. ஆட்டத்துக்கு இடமே இல்லை. பிளாஸ்டிக் கொஞ்சம் பிதுங்கித்தான் அச்சாகும், அதனால் இறுகுகிறது. மாட்யூலைத் தொடாமல் பல்லை மட்டும் மெலிசாக்குங்கள். 0.4 மி.மீ. நாசிலுக்கு நான் மொத்தம் 0.2 மி.மீ. ஆட்டத்தில் தொடங்குவேன், அதாவது கியருக்கு 0.1. ஃப்ரீகேட் வரைவு மென்பொருளின் கியர் பெஞ்சில் `backlash` என்ற இடத்தில் அதைப் போடலாம்.

மாட்டிய பிறகு அளக்க வழி உண்டு. ஒரு பக்கம் பற்கள் ஒட்டும்படி பிடித்துக்கொண்டு, மறுபக்க இடுக்கில் சாதாரண ஜெராக்ஸ் தாளை நுழையுங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. இரண்டு தாள் லேசாக நுழைந்தால் சரி. ஒரு முழுச் சுற்றில் நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் நுழைந்து எதிர்ப்பக்கத்தில் நுழையாவிட்டால், குறை பல்லில் இல்லை. துளை நடுவில் இல்லை என்று பொருள்.

பேக்லாஷும் பல் நுனிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றுதானே? நான் ஷாஃப்டை 0.5 மி.மீ. தள்ளிவிடுவேன், எல்லாம் தீர்ந்துவிடும்.

தள்ளினால் சுற்றும், அது உண்மை. இன்வொல்யூட் பல்லின் அருமையே அதுதான், ஷாஃப்ட் கொஞ்சம் விலகினாலும் வேக விகிதம் மாறாது. ஆனால் அழுத்தக் கோணம் 20 டிகிரி உள்ள பல்லில் எவ்வளவு தள்ளுகிறோமோ அதில் சுமார் 0.73 பங்கு ஆட்டமாக மாறும். நீங்கள் 0.5 தள்ளினால் 0.36 ஆட்டம் கூடும். பற்கள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் குறையும். மோட்டார் திசை மாறும்போதெல்லாம் 'டக்' என்று கேட்கும்.

இரண்டும் ஒன்றல்ல. ஆட்டம் பல்லின் பக்கவாட்டில் இருப்பது, நுனி இடைவெளி ஆரத்தின் திசையில் இருப்பது. வழக்கமாக அது மாட்யூலில் கால் பங்கு, இங்கே 0.375 மி.மீ. நாசில் உள்மூலையைக் கூராகப் போடாது, வளைத்துத்தான் போடும். அதனால் பல் நுனி அடியில் இடிக்கலாம். பற்களில் மார்க்கர் மை பூசி பத்துச் சுற்று சுற்றுங்கள். பக்கத்தின் நடுவில் மை அழிந்தால் நல்லது. நுனியிலும் அடியிலும் அழிந்தால் `clearance` மதிப்பைக் கூட்டுங்கள், ஷாஃப்டைத் தள்ள வேண்டாம்.

சின்ன கியரின் பல் அடியில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, அங்கேயே ஒடிகிறது. பல்லைக் குட்டையாக்கலாமா?

குட்டையாக்கினால் தொடர்பு குறைந்து சத்தம் கூடும். 20 டிகிரியில் சுமார் 17 பல்லுக்குக் கீழே போனால் அடி இப்படி அரிக்கப்படும், 12 பல்லில் நன்றாகவே தெரியும். `shift` என்ற இடத்தில் சின்னதுக்கு +0.3, பெரியதுக்கு −0.3 போடுங்கள். சின்னதன் பல் அடி தடிக்கும், ஷாஃப்ட் தூரம் அதே 36 மி.மீ. தான்.

என்னுடையது பிளா பிளாஸ்டிக் கியர். முதலில் அமைதி, ஒரு மணி நேரத்தில் கரகரப்பு. கிரீஸ் போட்டும் பயனில்லை.

மோட்டார் ஷாஃப்டைத் தொட்டுப் பாருங்கள். பிளா 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். துளை தளர்ந்து கியர் கோணலாகியிருக்கலாம். அப்படியென்றால் பல்லைத் திருத்தி ஒன்றும் ஆகாது, பெட்ஜியிலோ நைலானிலோ அச்சிடுங்கள்.

V வடிவப் பல் உள்ள ஹெர்ரிங்போன் கியர் போட்டால் சத்தமே வராதாமே?

குறையும், ஏனென்றால் பல் சிறிது சிறிதாகத்தான் தொடத் தொடங்கும். ஆனால் துளை நடுவில் இல்லையென்றால் அதையும் அது மறைக்காது. முதலில் சத்தத்தை எண்ணுங்கள். சின்ன கியரின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் அதன் துளையோ, அடுக்கு தொடங்கி முடியும் இடத்தில் ஏதோ ஒரு பல்லில் விழுந்த சீம் தழும்போ காரணம். பல்லுக்குப் பல் கேட்டால் ஆட்டமோ நுனி இடைவெளியோ காரணம். கியரின் கீழ்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் முதல் அடுக்கு பிதுங்கியிருக்கிறது. ஸ்லைசரில் `Elephant foot compensation` கூட்டுங்கள், அல்லது விளிம்பை 0.4 மி.மீ. சரித்து வரையுங்கள்.

இடப்பக்கம் சுற்றினால் அமைதி, வலப்பக்கம் சுற்றினால் மட்டும் சத்தம். சீம்தான் என்கிறார் நண்பர்.

இருக்கலாம். இரு திசையிலும் பல்லின் வெவ்வேறு பக்கம்தான் வேலை செய்கிறது, சீம் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தால் இப்படித்தான் கேட்கும். ஆனால் சுமை மாறும்போது ஷாஃப்ட் வளைந்தாலும் இதேபோல வரும். பெரிய கியரைக் கவிழ்த்து மாட்டிப் பாருங்கள். சத்தம் திசை மாறினால் அந்தக் கியரின் பல்தான் காரணம். மாறாவிட்டால் சின்ன கியரும் பியரிங்கும் மிச்சம், அவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.