பொங்கலுக்கு வாங்கிய லிப் பாம் ஏன் இன்னும் தீரவில்லை?

*வயது 34. மருந்துக் கம்பெனியில் சேல்ஸ் ரெப். தினமும் ஸ்கூட்டரில்தான் சுற்றல். கீழுதடு மட்டும் உரிந்துகொண்டே இருக்கிறது. பொங்கலுக்கு வாங்கிய எஸ்.பி.எஃப் 15 லிப் பாமை நாளைக்கு மூன்று தடவை போடுகிறேன். 4.5 கிராம் குச்சி, நாலு மாதமாகியும் பாதி இருக்கிறது. தங்கை தந்த ஷியா பட்டர் பாம் வண்டி டிக்கியில் உருகிப் போய்விட்டது. அம்மா வாசலினே போதும் என்கிறார். இந்த மூன்றில் எது நல்லது? எஸ்.பி.எஃப் இருந்தால் மட்டும் போதுமா?*
*— வாசகி, பெரம்பூர்*

அம்மா சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாதிக்குப் பாதி அவர் சொல்வது சரி.

உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிட்டத்தட்ட கிடையாது, வியர்வைச் சுரப்பியும் இல்லை. மேல்தோலும் மிக மெல்லிசு. உள்ளே இருக்கும் ஈரம் சுலபமாக ஆவியாகிவிடும். அதைத் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச இன்றைக்கும் ஆள் இல்லை. அது ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும். அதனால்தான் காய்ந்த உதட்டில் தடவுவதைவிட, ராத்திரி பல் தேய்த்து, உதட்டை ஒற்றி எடுத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே தடவுவது நன்றாக வேலை செய்கிறது. வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை ஜெல்லியாக இருந்தால் அலர்ஜி வருவதும் அபூர்வம். அதன் குறை வேறு: வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு டம்ளர் டீ குடித்தால் பாதி டம்ளர் விளிம்புக்குப் போய்விடும். வெயிலையும் அது தடுக்காது.

குச்சி பாம்களில் சேர்க்கும் தேன்மெழுகு இதற்கு நேர் எதிர். தனியாகப் பார்த்தால் ஈரத்தை மூடுவதில் ஜெல்லி அளவுக்கு வராது. ஆனால் 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். குச்சி குச்சியாக நிற்பதும், உதட்டில் போட்டது அங்கேயே ஒட்டிக்கொண்டு இருப்பதும் அதனால்தான். லேபிளில் 'செரா ஆல்பா' என்று போட்டிருந்தால் அது இதுதான். சிலருக்கு மட்டும், மெழுகோடு ஒட்டி வரும் தேனீப் பிசின் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு எடுக்கும்.

தாவர பட்டர்களின் கதையை உங்கள் டிக்கியே சொல்லிவிட்டது. கோகோ பட்டர் 34-லிருந்து 38 டிகிரிக்குள் உருகிவிடும், ஷியாவும் ஏறக்குறைய அங்கேதான். உடம்புச் சூட்டில் இளகுவதுதான் அவற்றின் அழகே, உரிந்த தோலை வழவழப்பாக்குவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் மே மாதச் சென்னையில் நிறுத்திவைத்த வண்டியின் டிக்கி உடம்பைவிடச் சூடு. உருகிய டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். மெதுவாக ஆறும்போது ரவை ரவையாகக் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வெந்நீரில் வைத்து முழுக்க உருக்கி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், பழையபடி வழவழவென்று வரும். பழைய எண்ணெய் வாசம் அடித்தால் மட்டும் குப்பைக்கு. வீட்டில் இருக்கிற நாளில் போட்டுக்கொள்ள இது நல்ல பாம்.

ஆனால் எஸ்.பி.எஃப் குச்சி ஒன்று அதே மாதிரி உருகி உறைந்திருந்தால் அதை வெயிலுக்கு நம்பாதீர்கள். அதில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு மாதிரியான தூள் அடியில் தங்கிவிடலாம். அப்புறம் எந்தப் பக்கம் எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது உங்கள் குச்சிக்கு வருகிறேன். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் எண், ஆட்களின் முதுகில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவிச் சோதித்து எடுத்தது. உதடு இரண்டும் சேர்ந்து சுமார் 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 20 மில்லிகிராம் வேண்டும். நீங்கள் நாலு மாதத்தில், அதாவது 120 நாளில், 2.25 கிராம் செலவழித்திருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 19 மில்லிகிராம்கூட வரவில்லை. ஒரே தடவைக்கு வேண்டியதை மூன்று தடவையாகப் பிரித்துப் பூசியிருக்கிறீர்கள். 15 என்று எழுதியிருந்தாலும் உங்கள் உதட்டில் இருந்தது அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. இது உங்கள் தப்பு மட்டுமில்லை. லிப் பாமை யாருமே இப்படித்தான் போடுகிறோம், காய்ந்தது போலத் தோன்றும்போது ஒரு இழுப்பு.

வெயிலுக்குப் போடும்போது கை வேறு மாதிரி போக வேண்டும். கீழுதட்டில் மூன்று நாலு முறை, மேலுதட்டில் இரண்டு மூன்று முறை, ஓரம் விடாமல், வெள்ளைப் படலம் கண்ணுக்குத் தெரிகிற வரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதற்குள் சாப்பிட்டாலோ டீ குடித்தாலோ உடனே இன்னொரு முறை. காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் வரை நாலு தடவை என்றால் நாளைக்கு 80 மில்லிகிராம். 4.5 கிராம் குச்சி 56 நாளில் காலி.

அந்தக் குச்சியும் 15 வேண்டாம், 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். சரியான அளவில் போட்டால் 15-க்கும் 30-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை: புற ஊதா பி கதிரில் ஒன்று 93 சதவீதம், மற்றது 97 சதவீதம் தடுக்கும். ஆனால் நாம் குறைவாகத்தான் போடப் போகிறோம், அந்தக் குறைச்சலைத் தாங்க மேல் எண் கைகொடுக்கும். புற ஊதா ஏ-க்கு அந்த எண்ணில் இடமே இல்லை. அதற்கு பி.ஏ. என்று எழுதிப் பக்கத்தில் மூன்று பிளஸ்ஸாவது இருக்க வேண்டும். தேன்மெழுகோ வேறு மெழுகோ அதிகம் சேர்ந்த கெட்டியான குச்சியாக எடுங்கள், பெட்ரோலேட்டம், அதாவது அம்மா சொல்லும் அதே ஜெல்லி, அதில் இருந்தால் இன்னும் நல்லது. மென்தால், கற்பூரம், லவங்கப்பட்டை வாசனை வேண்டாம். ஜிலுஜிலுவென்று இருக்கும், ஆனால் உரிந்த உதட்டை எரிச்சலாக்கும், நக்கவும் வைக்கும். எச்சில் காயக் காய உதடு இன்னும் உரியும்.

கீழுதடு மட்டும் ஏன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். மேலுதடு மூக்கின் நிழலில் கொஞ்சம் தப்பிக்கிறது, கீழுதடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அதனால் பாம் ஒன்றை மட்டும் நம்பி அண்ணா சாலையில் நிற்காதீர்கள். கண்ணாடி இறக்கிய முழு ஹெல்மெட் நல்ல தடுப்பு, சிக்னலில் அதைத் தூக்கிவிடாமல் இருந்தால். அல்லது நெருக்கமாக நெய்த பருத்தித் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஷிஃபான் துப்பட்டா தூசிக்குத்தான் ஆகும். துப்பட்டா உரசி பாமை எடுத்துவிடும், அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் புதிதாகப் போட வேண்டும்.

இப்படி மூன்று வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே இடம் சொரசொரவென்று இருந்தாலோ, வெள்ளைத் திட்டு, ஆறாத புண், உதட்டுக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள கோடு மங்கிப் போவது என்று எதைக் கண்டாலும், பாமை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பல வருட வெயில் கீழுதட்டில் விடும் அடையாளம் அப்படித்தான் ஆரம்பிக்கும், சில சமயம் அது புற்றுநோய் வரை போகும்.

புதுக் குச்சியை டிக்கியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அதன் அடியில் மார்க்கர் பேனாவால் வாங்கிய தேதியை எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அது பாதி இருந்தால், உதட்டில் போக வேண்டியது குச்சியிலேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.