அட்வைசருக்கு காசு எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? உங்க கேள்விகளும் என் பதிலும்

என் அட்வைசர் ஃபீஸே வாங்கறதில்ல, எல்லாம் ஃப்ரீதான்கறார். நம்பலாமா?

ஃப்ரீ இல்லங்க, பில்லு உங்க கண்ணுல படல, அவ்ளோதான். நீங்க வாங்கின ஃபண்டோட வருஷ செலவுக்குள்ளயே அவர் கமிஷன் உக்காந்திருக்கும், நீங்க அந்த ஃபண்ட்ல இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் அவருக்கு போய்ட்டே இருக்கும், இதத்தான் ட்ரெயில் கமிஷன்னு சொல்றது. 10 லட்சம் போட்டு 20 வருஷம் விட்டுட்டீங்கன்னு வைங்க. வருஷம் 11 சதவீதம் வளந்தா சுமார் 80 லட்சம் ஆகும், அதுல 1 சதவீதம் கமிஷனா போய் 10 சதவீதம்தான் வளந்துதுன்னா 67 லட்சம். அந்த 13 லட்சத்துக்கு அவர் என்ன வேலை செஞ்சார்னு நீங்களே யோசிச்சுக்குங்க. சில பேர் நெஜமாவே செய்றாங்க, இல்லன்னு சொல்லல.

அப்போ கமிஷனே வாங்காம, போர்ட்ஃபோலியோ மதிப்புல 1 சதவீதம் ஃபீஸ் வாங்கறவர்கிட்ட மாறிட்டா பிரச்சனை தீந்துடுமா?

பாதிதான் தீரும். எந்த ஃபண்ட வாங்க சொல்றார்ங்கறதுல அவருக்கு லாபம் இல்ல, அது நல்லது. ஆனா காசு அவர் கைய விட்டு வெளிய போற எந்த முடிவும் அவருக்கு நஷ்டம். உங்களுக்கு 9 சதவீதத்துல ஒரு கடன் இருக்கு, கைல 10 லட்சம் வருது, கடன அடைக்கலாமா முதலீடு பண்ணலாமான்னு கேக்கறீங்க. அடைச்சா 9 சதவீத வட்டி மிச்சம், அதுல ரிஸ்க்கே கெடையாது, ஆனா அவருக்கு வருஷம் 10,000 வராம போகும். கமிஷன்காரருக்கும் இதே கததான், அடைச்ச கடன்ல ஏது கமிஷன்? இந்த ஒரு கேள்வியில மட்டும் ரெண்டு பேருக்கும் ஆச ஒரே பக்கம்தான் இழுக்கும். ஒரு தடவைக்கு இவ்ளோன்னு நிலையான ஃபீஸ் வாங்கறவருக்கு நீங்க எது செஞ்சாலும் ஒண்ணுதான், அதனால பெரிய தொகை வர்ற சமயத்துல அப்படி ஒருத்தர்கிட்ட ஒரு தடவ கேட்டுட்டு வர்றது நல்லது. முதலீடே பண்ணக்கூடாதுன்னு சொல்லலீங்க, 20 வருஷத்துல அது ஜெயிக்கவும் செய்யலாம், சொல்றவருக்கு அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு கேளுங்கன்னுதான் சொல்றேன்.

நிலையான ஃபீஸ்ல குறையே கெடையாதா?

இருக்கு. ஃபீஸ் வந்தாச்சு, கம்மியா வேலை செஞ்சாலும் அதே காசு. மணிக்கணக்குல வாங்கறவருக்கு நேர்மாறு, இழுத்துட்டே போவார்.

"ஃபீ ஒன்லி", "ஃபீ பேஸ்டு" ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல, இங்கதான் நெறைய பேர் ஏமாறாங்க. ஒன்லின்னா உங்ககிட்டேர்ந்து மட்டும்தான் காசு. பேஸ்டுன்னா உங்ககிட்டயும் ஃபீஸ், கூடவே இன்சூரன்ஸோ ஃபண்டோ வித்தா கமிஷனும் வரலாம். விசிட்டிங் கார்டு பாத்தா தெரியாது. "நீங்களோ உங்க கம்பெனியோ உங்க குடும்பத்துல யாராவதோ, என்னத் தவிர வேற யார்கிட்டயாவது என் கணக்கால காசு வாங்கறீங்களா?"ன்னு மெயில்ல கேளுங்க, மனைவி பேர்ல ஏஜென்சி வச்சிருக்கறவங்களும் உண்டு. ஃபோன்ல பேசிக்கலாமேன்னு பதில் வந்தா, எழுதியே குடுங்கன்னு இன்னொரு தடவ கேளுங்க.