உப்பிய மாங்கூழ் டின்களைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் சின்ன மாங்கூழ் யூனிட் வைத்திருக்கிறோம். ஜூன் 17 மதிய ஷிப்டில் அடைத்த 3.1 கிலோ பெங்களூரா ரக மாங்கூழ் டின்களில் அஞ்சாறு உப்பிவிட்டதாகச் சேலம் ஐஸ்கிரீம் பார்ட்டி போட்டோ அனுப்பியிருக்கிறார். மற்ற கஸ்டமர்களுக்கு என்ன சொல்வது, சரக்கை எப்படித் திரும்ப எடுப்பது?

பதில்:

காரணம் முழுசாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே எல்லோருக்கும் போக வேண்டிய தகவல் ஒன்றுதான்: "இந்த எண் போட்ட டின்னைத் தொடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள்." திரும்ப எடுப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது முடிவு, அதற்கு ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். முதல் தகவலைத் தள்ளிப்போட்டால் அதற்குள் அந்த டின்கள் ஜூஸாகவும் ஐஸ்கிரீமாகவும் மாறிக் கைமீறிப் போய்விடும்.

போன் போடுவதற்கு முன் எந்த டின்கள் என்பதை வரையறுக்க வேண்டும். உங்கள் சீமிங் ரெஜிஸ்டரை எடுங்கள். மூடியும் டின்னும் சேரும் தையலை வெட்டிப் பிரித்து அளந்து சரி என்று எழுதிய கடைசி நேரம் எது, அதற்குப் பிறகு மறுபடி சரி என்று எழுதிய நேரம் எது என்று பாருங்கள். மதியம் 2 மணிக்குச் சரி, அடுத்தது மாலை 6 மணிக்குச் சரி என்றால், நடுவில் மூடிய எல்லா டின்னும் சந்தேகத்துக்குரியவை. ஷிப்ட் முழுவதும் என்று விரித்தால் நல்ல சரக்கும் சேர்ந்து முடங்கும். உப்பின டின் மட்டும் என்று சுருக்கினால் இன்னும் உப்பாதது கடையில் தங்கிவிடும். ரெஜிஸ்டரில் பதிவே இல்லை என்றால் மட்டும் ஷிப்ட் முழுவதையும் பிடியுங்கள்.

உப்பும் விதமும் கொஞ்சம் துப்பு தரும். அங்கொன்று இங்கொன்றாக, அடைத்த சில நாள், சில வாரத்தில் உப்பினால் தையல் கசிவின் மேல்தான் முதல் சந்தேகம் போகும். ஒரே தொட்டியில் வேகவைத்த டின்கள் கூட்டமாக உப்பினால் வேக்காடு போதவில்லை என்று தேடுங்கள். பல மாதம் கழித்து உப்பினால் கூழின் புளிப்பு உள்பூச்சைத் தாண்டித் தகரத்தை அரித்து வாயு கிளம்பியிருக்கலாம். மாங்கூழ் புளிப்புச் சரக்கு, அதனால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தையல் வழியே வெளித்தண்ணீர் போனால் கூடவே எது போனது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே பூஞ்சை பிடித்தால் அந்தப் புளிப்பே குறைந்துவிடும்.

தகவலைப் போனிலும் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"பெங்களூரா மாங்கூழ், 3.1 கிலோ டின், மூடியில் 1706-2 என்ற எண், நேரம் 14:00 முதல் 18:00 வரை. சில டின்கள் உப்பியிருக்கின்றன. இந்த எண் உள்ள எதையும், உப்பாததாக இருந்தாலும், பயன்படுத்த வேண்டாம், விற்க வேண்டாம், திறக்க வேண்டாம். தனியாக வைத்துவிட்டு மூன்று எண்ணிக்கை அனுப்புங்கள்: கையில் முழுசாக எத்தனை, உப்பியது எத்தனை, பயன்படுத்தியது அல்லது விற்றது எத்தனை. ஒன்றும் இல்லை என்றாலும் 0 என்று பதில் போடுங்கள். வண்டி நாங்கள் அனுப்புகிறோம், செலவு எங்களுடையது."

கூடவே மூடியில் எண் எங்கே இருக்கிறது என்று கிட்டத்தில் எடுத்த போட்டோ ஒன்று போகட்டும். டின்னைத் தூக்குபவர் ஓனர் இல்லை, கடைப் பையன். பெங்களூர் கடையில் அவருக்குக் கன்னடம் தெரியும், குப்பம் பக்கம் என்றால் தெலுங்கு தெரியும். போட்டோவில் வட்டம் போட்டுக் காட்டினால் எல்லோருக்கும் புரியும். "சின்ன குவாலிட்டி பிரச்சினை" என்று மழுப்பி எழுதாதீர்கள். படிப்பவர் உப்பாத டின்னை அன்றைக்கே உடைத்துவிடுவார்.

பதில் வராதவர்கள்தான் உங்கள் உண்மையான வேலை. "பார்த்தேன்ணா" என்பது பதில் அல்ல, எண்ணிக்கைதான் பதில். டிஸ்ட்ரிப்யூட்டராக இருந்தால் அவர் யார் யாருக்குக் கொடுத்தார் என்ற பட்டியலை வாங்கி, கடைசிக் கடை வரை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கூழை ஏற்கனவே ஐஸ்கிரீமில் கலந்தவரிடம், எந்தத் தேதித் தயாரிப்பில் கலந்தது என்று கேளுங்கள். அந்த ஐஸ்கிரீமையும் அவர் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். கஷ்டமான பேச்சுதான், ஆனாலும் அதை நீங்களேதான் பேச வேண்டும்.

திரும்ப எடுக்கும்போது இரண்டு வகையாகப் பிரியுங்கள். உப்பாதவை அட்டைப்பெட்டியோடு உங்கள் வண்டியில் வரட்டும். ஏற்றும் இடத்திலேயே ஒவ்வொரு டின்னின் லேபிள் மேலும் மூடி மேலும் அழியாத மார்க்கரில் பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். வழியில் ஒரு பெட்டி நழுவி வேறு கடைக்குப் போனாலும் யாரும் வாங்க மாட்டார்கள். உப்பி விறைத்த டின்னைப் பார்சல் சர்வீஸில் அனுப்பச் சொல்லவே கூடாது. ஜூன் வெயிலில் மூடின வண்டியில் அது வெடிக்கலாம். கடைக்காரர் ஆணி அடித்துக் காற்றை இறக்கப் பார்ப்பார், கூழ் முகத்தில் பீச்சியடிக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் ஆள் நேரில் போய், எண் தெரியும்படி போட்டோ எடுத்து, இரண்டு டின்னை மட்டும் கோணியில் சுற்றி வாளிக்குள் வைத்து லேபுக்குக் கொண்டுவரட்டும். மீதி அங்கேயே நிழலில் தனியாக இருக்கட்டும்.

திரும்ப எடுப்பது என்று முடிவாகிவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்வது கட்டாயம். 2017-ம் ஆண்டு திரும்பப் பெறுதல் ஒழுங்குமுறைப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். கிருஷ்ணகிரியில் உள்ள நியமன அலுவலரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், படிவம் என்ன என்று அவரே சொல்வார். வந்த சரக்கைத் தனி அறையில் பூட்டுங்கள். அழிப்பதும் அவர்களிடம் கேட்டுத்தான். கடையில் விட்டுவந்த உப்பிய டின்களுக்கும் அதே அனுமதிதான், அழித்ததும் கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள். காலி டின்னைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் நசுக்கிவிடுங்கள். பணத்துக்குக் கிரெடிட் நோட் உடனே போடுங்கள், பயன்படுத்திவிட்ட டின்னுக்கும் சேர்த்து. பணம் போய்விடும் என்ற பயம் இருந்தால் எண்ணிக்கையை மறைப்பார்கள்.

கடைசியாகக் கணக்கு. அந்த நாலு மணி நேரத்தில் 240 பெட்டி, பெட்டிக்கு 6, ஆக 1,440 டின் என்று வைத்துக்கொள்வோம். 70 பெட்டி உங்கள் குடோனிலேயே இருக்கிறது. வெளியே போனது 170 பெட்டி, 1,020 டின். திரும்ப வந்தது 862, பயன்படுத்திவிட்டோம் என்றது 131, கடையிலேயே அழித்தது 19. கூட்டினால் 1,012. எட்டு டின் எங்கே? ஒரு பெட்டியும் இரண்டு டின்னும் என்பதால் பெரும்பாலும் சில்லறையாகப் பிரித்து விற்ற ஆளிடம்தான் இருக்கும். டிஸ்ட்ரிப்யூட்டரின் பில் புத்தகத்தில் முழுப்பெட்டியாக இல்லாமல் ஒன்று, இரண்டு என்று எழுதிய வரிகளைத் தேடுங்கள். அந்தக் கடைகளுக்கு நேரில் ஆள் போகட்டும். அந்த எட்டுக்கும் கிடைத்தது, பயன்படுத்தியது, தேடியும் கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்றைத் தேதியோடு எழுதாமல் ஃபைலை மூடாதீர்கள்.