வீலில் ஒரே பங்குக்கு இரண்டு அடக்க விலை: கேள்வி பதில்

அமெரிக்கப் பங்கு ஒன்றில் வீல் செய்கிறேன், அதாவது புட் விற்பது, பங்கு கைக்கு வந்தால் அதன் மேல் கால் விற்பது. முதலில் 12 டாலர் புட் விற்றேன். 30 சென்ட் வந்தது, காலாவதியானது. மறுபடி 12 புட், 35 சென்ட். இந்த முறை அசைன் ஆகி 100 பங்கு வந்துவிட்டது. புரோக்கர் 11.65 காட்டுகிறார், என் நோட்டில் 11.35. எது சரி அண்ணா?

இரண்டுமே சரி தம்பி. வரிக் கணக்கில், அசைன் ஆன புட்டின் பிரீமியம் மட்டும்தான் வாங்கிய விலையில் கழியும். காலாவதியான 30 சென்ட் தனிக் குறுகிய கால லாபம். வரிக்கு 11.65, அடுத்த கால் ஆப்ஷனை எந்த ஸ்ட்ரைக்கில் விற்பது என்பதற்கு 11.35. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

கவர்ட் கால் விற்க விற்க அடக்கம் இறங்கிக்கொண்டே போகும். பொறுமையாக இருந்தால் நஷ்டமே வராதுதானே?

நோட்டில் இறங்கும், அதுவரை சரி. ஆனால் பங்கு அதைவிட வேகமாக விழலாம். மேலே சொன்ன தம்பி 12 காலை 20 சென்ட்டுக்கு விற்று, அது காலாவதியானால் அடக்கம் 11.15. பங்கு 10-க்கு வந்துவிட்டால் 12 காலுக்குச் சில்லறைதான் கிடைக்கும். அதனால் 11 காலை 15 சென்ட்டுக்கு விற்கிறார் என்று வையுங்கள். பங்கு 11.80-க்கு ஏறுகிறது, கையிலிருந்து 11-க்குப் போய்விடுகிறது. நான்கு பிரீமியமும் சேர்த்து 100 டாலர், பங்கில் இழந்ததும் 100 டாலர். இத்தனை நாள் 1,200 டாலரை முடக்கியதற்கு மிச்சம் பூஜ்யம். ஸ்ட்ரைக்கும் பிரீமியமும் சேர்ந்து நோட்டு அடக்கத்தைத் தாண்டாவிட்டால் நான் கால் விற்க மாட்டேன், காத்திருப்பேன்.

நான் சென்னையில் என்எஸ்இ-யில் செய்கிறேன். எனக்கும் இதே கணக்குத்தானே சார்?

இல்லை. இங்கே லாட் 100 பங்கு அல்ல, பங்குக்குப் பங்கு மாறும், மதிப்பும் பல லட்சம். மார்ஜின் மட்டும் வைத்து புட் விற்க முடிகிறது, ஆனால் டெலிவரி வந்தால் முழுப் பணமும் வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் அது வீலே அல்ல. வரி விதியும் வேறு, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அந்த அமெரிக்கப் பங்கு கையிலிருந்து 11-க்குப் போன அன்றே மறுபடி புட் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் வாஷ் சேல் என்ற அமெரிக்க வரி விதி இருக்கிறது. அதே தம்பியின் கணக்கில் விற்ற விலை கால் பிரீமியத்தோடு 11.15, வரி அடக்கம் 11.65. ஆக 50 டாலர் நஷ்டம். 30 நாளுக்குள் புதிய புட் அசைன் ஆனால் அந்த நஷ்டத்தை இப்போது கழிக்க முடியாது. காலாவதியான புட்டும் காலும் தந்த 50 டாலர் லாபத்துக்கோ வரி உண்டு. டிசம்பரில் இது நன்றாகவே வலிக்கும்.

அந்த நஷ்டம் காணாமல் போகாது, புதிய பங்கின் அடக்கத்தில் ஏறும். 11 புட்டை 25 சென்ட்டுக்கு விற்று அசைன் ஆனால் நோட்டில் 10.75, புரோக்கரிடம் 11.25. அசைன் ஆகாமல், புட் விற்றதே வாஷ் சேல் ஆகுமா? மிக ஆழமான இன்-தி-மணி புட் என்றால் ஆகலாம். எவ்வளவு ஆழம் என்பதற்கு விதியில் எண் இல்லை. அதனால் நஷ்டத்தில் போன பங்கில் 31 நாள் கழித்துத்தான் நான் அடுத்த புட்டைத் தொடுகிறேன்.