ஆவணி முகூர்த்தமும் வாரக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. எடையைக் குறைப்பதற்காக வாரத்துக்கு 11,900 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். ஆவணியில் மூன்று திருமணங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு நண்பர்களோடு மது அருந்துவது வழக்கம் என்பதால், அன்று காலையும் மதியமும் சாப்பிடாமல் அந்த இடத்தை மதுவுக்கு விட்டுவிடுகிறேன். ஆனாலும் திங்கட்கிழமை எடை 2 கிலோ ஏறிவிடுகிறது. ஒரு விருந்தில் மொத்த முயற்சியும் போய்விடுமா? பாயசத்தை விட்டுவிடலாமா?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாயசத்தைச் சாப்பிடுங்கள். அந்த 2 கிலோவும் கொழுப்பு அன்று. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். விருந்தின் உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர்தான் திங்களன்று தெரிகிறது. வியாழன் வாக்கில் அது இறங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பட்டினி. என் பெரியம்மா மகன், சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர், ஒரு திருமணத்துக்கு முந்தைய நாள் உங்களைப் போலவே இரவுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு நாக்கு குழறியது, உடல் வியர்த்தது, பிறகு மண்டபத்தின் பின்கட்டில் சுருண்டு படுத்துவிட்டார். எல்லோரும் போதை என்று சிரித்தோம். செவிலியரான அவருடைய மைத்துனிதான் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று கத்தினார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே கண் திறந்தார். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல். மது வந்தால் அதை அகற்றுவதில் முனைந்து, புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதை அது குறைத்துவிடுகிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுக்காதவருக்கு அபாயம் குறைவு என்றாலும், நெடுநேரப் பட்டினிக்குப் பிறகு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. குழறலும் தள்ளாட்டமும் போதையைப் போலவே இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

அபாயத்தை விடுங்கள், கணக்காவது சரியாக வருகிறதா என்று பாருங்கள். காலையும் மதியமும் விட்டதில் உங்களுக்கு மிஞ்சியது 900 கலோரி இருக்கலாம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 425 கலோரி. நீங்கள் எழுதிவைப்பது அதை மட்டும்தான் என்று ஊகிக்கிறேன். காலி வயிற்றில் மது விரைவாக ஏறும், ஏறியதும் பசியும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று மறந்துவிடும். வறுத்த கடலை நூறு கிராம் தின்றால் 570 கலோரி, வழக்கமான இரவு உணவுக்கு மேல் நள்ளிரவில் சால்னாவோடு இரண்டு பரோட்டா என்றால் இன்னுமொரு 600. மிச்சம் பிடித்த 900-ஐக் கொடுத்து 1,600 வாங்கியிருக்கிறீர்கள். மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கூட அன்று இவ்வளவு கூடுதலாகப் போயிருக்க மாட்டார். இதற்குப் பெயர் கட்டுப்பாடா?

சேமிப்பதை அன்றே செய்யாமல், திங்கள் முதல் வெள்ளி வரை பரப்பிச் செய்யுங்கள். நாளுக்கு 1,700 என்று வரும் உங்கள் கணக்கை அந்த ஐந்து நாள்களும் 1,550 ஆக்கினால் போதும். முட்டை, மீன், பயறு, தயிர் ஆகியவற்றில் கை வைக்காமல், ஒரு கரண்டி சோற்றையும் தாளிக்கும் எண்ணெயையும் குறைத்தாலே 150 வந்துவிடும். ஐந்து நாளில் 7,750 செலவாக, சனி, ஞாயிறுக்கு 4,150 மீதி நிற்கும். சனிக்கிழமை காலையும் மதியமும் 900-க்குச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் குடித்தே தீர்வதென்றால் சோடா கலந்து இரண்டு லார்ஜோடு நிறுத்துங்கள், அது 280. தொட்டுக்கொள்வதற்கும் இரவு உணவுக்கும் 800 வைத்தாலும் அன்றைய செலவு 1,980தான். ஞாயிறுக்கு 2,170 இருக்கிறது. அன்றைக்குப் பொறி சாப்பாட்டு இலையில் இல்லை, எட்டு மணி டிபனில் இருக்கிறது. நெய் வழியும் பொங்கல், வடை, கேசரி என்று உண்டு எழுந்த மூன்று மணி நேரத்தில் பசியே இல்லாமல் மீண்டும் பந்தியில் உட்காருகிறோம். டிபனில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால், மதியம் பாயசம் உள்பட 1,200 வரை நிம்மதியாகச் சாப்பிடலாம். இரவுக்கும் போதிய இடம் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 600 கூடிப்போனால் போகட்டும். உங்கள் உடல் எரிப்பது நாளுக்கு 2,200 என்று கொண்டால், வாரத்துக்கு 3,500 இருந்த பற்றாக்குறை 2,900 ஆகும். எடை கொஞ்சம் மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். அதற்காகத் திங்களன்று மறுபடி பட்டினி கிடக்காதீர்கள், அந்த இரவே கடலைப் பொட்டலம் உங்களைத் தேடி வரும். மூன்றாவது திருமணம் உங்கள் வீட்டுத் திருமணமாக இருந்து, வாரம் முழுவதும் விருந்தென்றால், அந்த வாரம் குறைக்கவே முயலாமல், உடல் ஏழு நாளில் எரிக்கும் 15,400-க்குள் இருந்துகொள்ளுங்கள். அடுத்த திங்களிலிருந்து வழக்கமான 1,700.