எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவும் மாறும்: வீட்டு சோப்பு கேள்வி-பதில்

குறிப்பில் தேங்காய் எண்ணெய் 500 கிராம், ஆலிவ் எண்ணெய் 500 கிராம் என்று இருந்தது. தேங்காய் எண்ணெய் 200 கிராம்தான் கையில் இருந்ததால் மீதிக்கு ஆலிவ் ஊற்றினேன். மொத்தம் அதே ஒரு கிலோதான். ஆனால் சோப்பு கையில் எரிகிறதே, ஏன்?

எண்ணெயின் எடை மாறவில்லை, ஆனால் அது குடிக்கும் காஸ்டிக் சோடாவின் அளவு மாறிவிட்டது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் சோடா வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.134 போதும். உங்கள் பழைய குறிப்புக்கு 158.5 கிராம் ஆகிறது. அதில் 5 சதவீதம் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி 150.6 கிராம் போடச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் செய்த கலவையோ முழுதாகவே 143.8 கிராம்தான் தாங்கும். கிட்டத்தட்ட 7 கிராம் சோடா வேலையில்லாமல் சோப்புக்குள் நிற்கிறது; எரிச்சல் அதனால்தான்.

மேற்பரப்பில் மட்டும் வெள்ளைப் பூச்சு இருந்தால் பெரும்பாலும் அது சோடா சாம்பல், பயமில்லை. கட்டியை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைத் திட்டுகளோ நீர்க்குமிழ்களோ தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் வையுங்கள். சுரீரென்று அடித்தால் சோடா மிஞ்சியிருக்கிறது.

காப்பாற்ற வழி உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சோப்பைத் துருவி, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, கொதிநீரின் மேல் வைத்து உருக்குங்கள். 100 கிராம் ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கிளறி, சுரீர் போகும்வரை சூடாக்குங்கள். இப்போது சோப்பாகாத எண்ணெய் 4 சதவீதம் அளவில் நிற்கும். ஆனாலும் இந்தத் தொகுதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அலுமினியப் பாத்திரம் ஆகுமா? மேலே பட்டால் வினிகர் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். அலுமினியத்தை சோடா அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதுதான் சரி. இன்னொன்று: தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

லேபிளில் எந்த எடையைப் போடுவது? விலையை எப்படிக் கணக்கிடுவது?

அச்சிலிருந்து எடுத்த அன்றைய எடையைப் போடாதீர்கள். ஒரு கிலோ எண்ணெய், 150 கிராம் சோடா, 300 கிராம் தண்ணீர் சேர்ந்து 1,450 கிராம் ஆகும். நாலு முதல் ஆறு வாரம் காயும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மிஞ்சுவது 1,300 கிராம். ஓரம் வெட்டி எறிந்தது போக, 100 கிராம் கட்டி பன்னிரண்டு என்று வையுங்கள். செலவைப் பதினாலால் வகுத்தவர்கள்தான் பிறகு கை கடிக்கிறது என்பார்கள். காய்ந்த கட்டிகளில் மிகக் குறைந்த எடை எதுவோ, அதையே அச்சிடுங்கள்.

'படை, சொறி நீங்கும்' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். நோயைத் தீர்க்கும் என்று சொன்ன மாத்திரத்தில், பல நாட்டுச் சட்டங்களில் உங்கள் சோப்பு மருந்தாகிவிடும். உரிமமும் சோதனையும் கேட்பார்கள். வாசனைக்குச் சேர்த்த லாவெண்டர் எண்ணெயில் லினலூல் இருக்கிறது, சிலருக்கு ஒவ்வாது. சேர்த்த பொருள்களோடு அதையும் குறிப்பிடுங்கள்.